பிரிட்ஜ் என்பது அனுபல்லவி அல்ல

பாட்டு எழுதச் சொல்லித்தரும் காணொளிகளின் தமிழ் வசனவரியில் ‘பிரிட்ஜ்’ என்ற சொல் வரும்போதெல்லாம் ‘அனுபல்லவி’ என்று போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். இப்போது பயிலரங்கு அறிவிப்புகளிலும் அதே சொல்தான், புதிதாக எழுத வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டு, ‘கோரஸுக்கு அப்புறம் அனுபல்லவி எழுதணும்’ என்கிறார்கள். சொல் தவறு என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அந்தச் சொல்லை நம்பி எழுதுகிற பகுதியும் தவறாகவே வருகிறது.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாட்டின் நடுவில், அதுவரை வந்த மெட்டிலிருந்து விலகி, பிறகு மறுபடி பழைய மெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பகுதிதான் பிரிட்ஜ். 1930களின் அமெரிக்கப் பாடல்களில் 32 பார், அதாவது 32 தாளக் கட்டங்கள், கொண்ட ஒரு வடிவம் வெகு சாதாரணம். எட்டு பார் ஒரு மெட்டு, மறுபடி அதே மெட்டு, அடுத்து எட்டு பார் வேறொரு மெட்டு, கடைசியில் பழைய மெட்டே. அந்த மூன்றாவது எட்டுதான் பிரிட்ஜ். பிரிட்டனில் ‘மிடில் எயிட்’ என்பார்கள், அதாவது நடு எட்டு. பழைய அமெரிக்க இசைக்காரர்கள் ‘ரிலீஸ்’ என்றும் சொன்னார்கள். மூன்றில் ‘ரிலீஸ்’தான் எனக்கு நெருக்கமானது. ‘பிரிட்ஜ்’ என்றால் இணைப்பு, ‘மிடில் எயிட்’ என்றால் இடமும் நீளமும், ‘ரிலீஸ்’ மட்டும்தான் அந்தப் பகுதி என்ன செய்கிறது என்று சொல்கிறது. அதுவரை சேர்ந்த இறுக்கத்தை அவிழ்த்துவிடுவது.

சரி, அனுபல்லவிக்கு வருவோம். கீர்த்தனையில் பல்லவி முடிந்த கையோடு வருவது அது. பல்லவி மத்திய ஸ்தாயியில் நடந்தால் அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறும். அதே ராகம், அதே தாளம். சாகித்தியத்திலும் பல்லவியின் முதல் சீரோடு எதுகை சேர்த்துத்தான் அனுபல்லவியைத் தொடங்குவது வழக்கம். அங்கே ‘கண்ணா’ என்று எடுத்தால் இங்கே ‘எண்ண’, ‘மண்ணில்’ என்று ஏதாவது வரும். பொருளிலும் பல்லவி சொன்னதையே விரித்துச் சொல்லும், அல்லது அதற்கு ஒரு காரணம் கொடுக்கும். பல கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆக, பல்லவியோடு ராகம், எதுகை, பொருள் என்று எல்லாக் கயிற்றாலும் கட்டப்பட்ட உறுப்பு அது. கட்டுண்டு இருப்பதுதான் அதன் அழகு. பிரிட்ஜ் அந்தக் கயிறுகளை அறுக்க வந்த பகுதி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. பிரிட்டனில் சிலர், வரிகள் மாறி மாறி வரும் வெர்ஸுக்கும் திரும்பத் திரும்ப அப்படியே வரும் கோரஸுக்கும் நடுவே வரும் ஏற்றப் பகுதியையும் ‘பிரிட்ஜ்’ என்பார்கள். அமெரிக்காவில் அதை ‘ப்ரீ-கோரஸ்’ என்பது வழக்கம். அது ஏறிக் கோரஸில் கொண்டுவிடும், அனுபல்லவி ஏறிப் பல்லவிக்குத் திரும்பும். அந்த ஒற்றுமையைப் பார்த்து யாரோ ஒருவர் பெயர் வைத்திருப்பார், பிறகு வந்தவர்கள் எந்த பிரிட்ஜ் என்று கேட்காமலே அதைப் பிரதியெடுத்திருப்பார்கள். ஆனால் ப்ரீ-கோரஸ் ஒவ்வொரு கோரஸுக்கு முன்னும் வரும். பிரிட்ஜ் பெரும்பாலும் ஒரே ஒருமுறை, பாட்டின் பிற்பாதியில், கடைசிக் கோரஸுக்கு முன்னால் வரும்.

‘இடையிசை’ என்று போடுகிறவர்களும் உண்டு. அவர்களை ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. நம் சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதி இருக்கிறது, காதுக்குப் புது இடம் காட்டும் வேலையை அதுதான் செய்கிறது. இரண்டு சரணங்களுக்கும் ஒரே மெட்டு இருந்தாலும் முதல் இடையிசை ஒன்று, இரண்டாவது வேறொன்று என்று இளையராஜா எத்தனையோ பாடல்களில் அமைத்திருக்கிறார். அதனால்தான் தனியாக ஒரு பிரிட்ஜ் இல்லாதது நமக்குக் குறையாகவே படவில்லை. ஆனால் இடையிசையில் சொல் கிடையாது. மெட்டை மாற்றலாம், சுருதியைக்கூட மாற்றலாம், பாடுகிறவர் நிற்கும் இடத்தை மாற்ற முடியாது. பிரிட்ஜுக்கு முக்கியமான வேலையே அந்த இடமாற்றம்தான்.

அதை ஒரு பாட்டில் வைத்துப் பார்ப்போம். ‘தி போலீஸ்’ என்ற ராக் இசைக்குழு 1983இல் வெளியிட்ட ‘எவ்ரி பிரெத் யூ டேக்’. வெர்ஸ் முழுக்க ‘நீ’தான். நீ விடும் மூச்சு, நீ வைக்கும் அடி, நீ முறிக்கும் உறவு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான் பாடுகிறவன். அடுத்த பகுதியில் நீ எனக்குச் சொந்தம் என்கிறான், என் நெஞ்சு வலிக்கிறது என்றும் ஓரமாக ஒரு வார்த்தை விடுகிறான், அதையும் ‘நீ வைக்கும் அடி’யோடு முடிச்சுப் போட்டுவிடுகிறான். அப்புறம் பிரிட்ஜ் வருகிறது. நீ போனதிலிருந்து நான் தொலைந்துவிட்டேன், ராத்திரிக் கனவில் உன் முகம்தான், குளிர்கிறது, அணைப்புக்கு ஏங்குகிறேன். கண்காணிப்பவன் ஒரு நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டான். பார்வை ‘நீ’யிலிருந்து ‘நான்’ பக்கம் திரும்பிவிட்டது.

இசையும் அதே நேரத்தில் திரும்புகிறது. ஏ மேஜரில் வாசித்துப் பார்த்தால், வெர்ஸில் A, F#m, D, E என்று அதற்குள்ளேயே சுற்றும் கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், பிரிட்ஜில் F, G என்று மாறி மாறி வருகின்றன. இரண்டுமே ஏ மேஜருக்கு வெளியே இருப்பவை, தரை நழுவியதுபோலக் கேட்கும். குரலும் மேலே ஏறுகிறது. இத்தனையும் முடிந்து பழைய வரிகளுக்குத் திரும்பும்போது ‘பார்த்துக்கொண்டே இருப்பேன்’ என்பதில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் சொல்கிறவன் உள்ளே உடைந்தவன் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரி இனி முன்பு கேட்ட மாதிரி கேட்காது.

‘நீ’யிலிருந்து ‘நான்’ என்பது ஒரு வகைத் திருப்பம்தான். பீட்டில்ஸின் ‘வி கேன் வொர்க் இட் அவுட்’ பாட்டில் (1965) அளவு மாறுகிறது. வெர்ஸில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு சச்சரவு, என் பக்கமிருந்தும் யோசித்துப் பார் என்கிற வாதம். பிரிட்ஜில் திடீரென்று வாழ்க்கையே கொஞ்ச நாள்தான், சண்டை போட நேரம் எங்கே இருக்கிறது என்று கேமரா எங்கோ உயரத்துக்குப் போய்விடுகிறது. டி மேஜரில் நடந்த பாட்டு பி மைனருக்கு இறங்குகிறது, வரியின் முடிவில் தாளம் மூன்று மூன்றாக வால்ட்ஸ்போல ஆடத் தொடங்குகிறது. வெர்ஸ் பெரும்பாலும் மெக்கார்ட்னி எழுதியது, பிரிட்ஜ் லெனன் எழுதியது. இரண்டு பேருடைய குணமும் அப்படியே கேட்கிறது. இந்தப் பாட்டில் பிரிட்ஜ் இரண்டுமுறை வருகிறது, ஆகவே ‘ஒருமுறைதான்’ என்பது வழக்கமே தவிர சட்டமல்ல.

இப்போது அனுபல்லவி என்ற பெயரை நம்பி ஒருவர் தமிழில் எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பாட்டு பூட்டிக் கிடக்கும் ஓர் ஊர் வீட்டைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். வெர்ஸில் காட்சிகள்: திண்ணையில் தூசி, கிணற்றடியில் கவிழ்த்த வாளி, ஆணியில் தொங்கும் சாவி. கோரஸ்: ‘வந்துடுறேன்னு சொன்னியே’. அடுத்து ‘அனுபல்லவி’ எழுத உட்காருகிறவர், கோரஸை விரிக்க வேண்டும் என்ற நினைப்பில் இப்படி எழுதுவார்:

வாசல் மாமரம் வாடிப் போச்சே
வாராத உன்னால வயசும் போச்சே

வரிகளில் குற்றமில்லை. ஆனால் அது மூன்றாவது வெர்ஸ். இன்னொரு காட்சி, அதே புலம்பல், அதே ஆள் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தூக்கிவிட்டுப் பாடினாலும் பாட்டுக்கு எந்த நட்டமும் இல்லை. அதே இடத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

போகச் சொன்னது நான்தானே
போன்னு தள்ளினதும் நான்தானே

இதற்குப் பிறகு ‘வந்துடுறேன்னு சொன்னியே’ வந்தால் அது புகார் இல்லை. தான் துரத்திவிட்ட ஒருத்தியிடம் வாக்கை நினைவூட்டிக் கெஞ்சுகிற குற்றவுணர்ச்சி. எழுதிய பிரிட்ஜ் சரியா தவறா என்று பார்க்க எனக்குத் தெரிந்த உறுதியான சோதனை இதுதான்: கடைசிக் கோரஸின் பொருள் மாறியிருக்கிறதா? மாறவில்லை என்றால் நடுவில் எத்தனை கார்டு மாற்றியும் பயனில்லை.

மெட்டிலும் இதே கணக்குதான். வெர்ஸ் பேச்சுபோலப் பொடிப்பொடி அசைகளாக ஓடினால் பிரிட்ஜில் நீண்ட ஸ்வரங்கள் வரட்டும், கோரஸ் நீட்டிப் பாடுவதாக இருந்தால் பிரிட்ஜ் பேசட்டும். பாட்டின் ஆதாரக் கார்டில் பிரிட்ஜைத் தொடங்காதீர்கள். தொடங்கினால் கேட்பவர் வீட்டைவிட்டு இன்னும் கிளம்பவே இல்லை. முடிவில் அந்த ஆதாரத்துக்கு இழுக்கும் ஐந்தாவது கார்டில் நிறுத்தினால் கோரஸ் தானாக வந்து விழும். கோரஸின் முக்கிய வரியை பிரிட்ஜுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள், அடுத்த நிமிடமே வரப்போவதை முன்கூட்டிச் செலவழித்த மாதிரி ஆகிவிடும். நீளம் எட்டு பார் போதும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், நாலு தட்டுக்கு ஒரு பார் என்றால் பதினாறு விநாடி. பதினாறு விநாடியில் ஒரு திருப்பத்துக்குத்தான் இடம் உண்டு, இரண்டு வைத்தால் இரண்டுமே காதில் நிற்காது. எல்லாப் பாட்டுக்கும் பிரிட்ஜ் வேண்டும் என்பதும் இல்லை. கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் பாட்டில் ஒவ்வொரு வெர்ஸிலும் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும், அங்கே பிரிட்ஜ் தடங்கல்தான்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘பாலம்’ வேண்டாம். சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் இரண்டு கரையையும் ஒட்டவைத்தால் போதும் என்ற எண்ணத்தை அது தருகிறது, ஒட்டவைக்கிற பிரிட்ஜ்கள்தான் இப்போது ஏராளமாக இருக்கின்றன. நான் ‘இடைத்திருப்பம்’ என்கிறேன். எங்கே வருகிறது என்பது ‘இடை’யில் இருக்கிறது, என்ன செய்கிறது என்பது ‘திருப்ப’த்தில் இருக்கிறது, கதையில் திருப்பம் என்று எல்லோரும் பேசுகிற சொல்தான் என்பதால் தனியாக விளக்கவும் வேண்டாம். கலிப்பாவில் அராகம் என்று ஓர் உறுப்பு உண்டு, தாழிசைகளின் நடைக்குப் பிறகு முடுகி ஓடும், அதை எடுக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான யோசனை, ஆனால் அது நடையை மாற்றுகிறதே தவிர பார்வையைத் திருப்புவது அதன் வேலை அல்ல, அதுவும் போக ராகம் என்று படித்துக் குழம்புவார்கள். ஸ்டூடியோவில் பேசும்போது ‘பிரிட்ஜ்’ என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. கடன் வாங்கிய சொல் யாரையும் வழிதவற வைப்பதில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு இசைச்சொல்லைத் தொடும் முன், அது வரும் பாட்டில் ஒன்றையாவது முழுசாகக் கேட்க வேண்டும். அகராதியில் பக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்து ஒட்டினால், தமிழில் ஏற்கெனவே திடமான பொருளோடு வாழ்ந்துகொண்டிருக்கும் அனுபல்லவியும் சேர்ந்து கெடுகிறது. அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒரு கீர்த்தனையைக் கேட்டுவிட்டு, இதில் ஏன் அனுபல்லவி பல்லவியைவிட்டு விலகவே இல்லை என்று கேட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?