இனுவிலில் மூன்று ‘இறக்கம்’

காங்கேசன்துறை வீதியில் சுன்னாகம் போகும் மினிபஸ். இனுவிலில் ஒருவர் “அண்ணை, இறக்கம்” என்கிறார். பஸ் நிற்கிறது. திரும்ப வேகம் எடுப்பதற்குள் அடுத்த ஒழுங்கை முகப்பில் இன்னொருவர் இறக்கம். அதற்கு நூறு மீற்றர் தள்ளிச் சந்தைப் பையோடு ஓர் அம்மா எழும்புகிறார். “படலைக்குப் படலை நிண்டா எப்ப போய்ச் சேருறது?” என்று பின் சீற்றில் ஒரு குரல். அந்த அம்மாவிலும் பிழையில்லை, பின் சீற்றுக்காரரிலும் பிழையில்லை. இரண்டு பேருடைய நேரத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், ஒருமுறை நிற்பதால் எவ்வளவு நேரம் போகிறது? பஸ் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு 11 மீற்றர். நிற்பவர்கள் விழாத அளவுக்கு மெதுவாகப் பிரேக் பிடித்தால் நிற்க 11 செக்கன், பழைய வேகத்துக்கு வர இன்னொரு 11. ஆனால் அந்த 22 செக்கனில் கடந்த தூரத்தை நிற்காமல் ஓடியிருந்தாலும் 11 செக்கன் பிடித்திருக்கும். ஆகவே உண்மையான இழப்பு 11. பெல் அடித்து, பின்னால் ஓட்டோ வருகிறதா என்று பார்த்து வெளிக்கிடுவதற்கு ஒரு 7 சேர்த்தால் 18 செக்கன். ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் எங்கே இறங்கினாலும் அந்த நேரம் போகத்தான் போகிறது.

இனி நடை. தரிப்பிடங்கள் 400 மீற்றருக்கு ஒன்று என்றால், வீதியோரமாக யாரும் 200 மீற்றருக்கு மேல் நடக்கத் தேவையில்லை. சராசரி 100 தான், அதாவது இடைவெளியில் கால்பங்கு. ஒழுங்கைக்குள் வீடு வரை நடக்கும் தூரம் எப்படியும் மாறாது. இடைவெளியை 200 இலிருந்து 400 ஆக்கினால் சராசரி நடை 50 மீற்றர் கூடும். சாதாரண நடைக்கு அது 40 செக்கன், ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் சேர்த்து 80.

யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். 200 மீற்றருக்கு ஒன்று என்றால் 50 தரிப்பிடம், 400க்கு ஒன்று என்றால் 25. குறைகிற 25ஐ 18ஆல் பெருக்கினால் ஏழரை நிமிடம் மிச்சம். பேசாமல் பாதியைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆள் இல்லாத தரிப்பிடத்தில் பஸ் எப்படியும் நிற்காதே! வழி முழுக்கத் தற்செயலான இடங்களில் ஏற்றமும் இறக்கமுமாக மொத்தம் 50 தடவை என்றால், 50 தரிப்பிடத்தில் பஸ் நிற்பது சுமார் 32இல். 25 மட்டும் இருந்தால் சுமார் 22இல். குறைவது பத்தே தடவை, மிச்சம் மூன்று நிமிடம். நடக்கும் ஒரு நிமிடத்தைப் போக்குவரத்துத் திட்டமிடுவோர் இருந்து போகும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக எடுப்பது வழக்கம் (சித்திரை வெய்யிலில் மூன்று என்றே நான் சொல்வேன்). அப்போது கூடுதல் நடையின் விலை 160 செக்கன். முழுத்தூரம் போகிறவருக்கு 20 செக்கன் லாபம். பாதித் தூரம் மட்டும் போகிறவருக்கு மிச்சம் 90, செலவு 160, அதாவது நட்டம்.

பள்ளிக்கூடம், வேலை தொடங்கும் காலை நேரத்தில் கதை வேறு. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யாராவது நிற்பார்கள், அந்த ஏழரை நிமிடம் ஏறக்குறைய முழுதாகவே கிடைக்கும். ஆகவே 300 மீற்றர், 400 மீற்றர் என்று வீதி முழுக்க ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்ஸுக்குள் எத்தனை பேர் என்பதைப் பார்க்க வேண்டும்.

சந்தைப் பை அம்மாவிடம் திரும்புவோம். முந்தின ஒழுங்கையிலேயே இறங்கியிருந்தால் அவர் நூறு மீற்றர் நடந்திருப்பார். சாதாரண நடைக்கு அது 80 செக்கன், இரட்டிப்பாக்கினால் 160. பையோடு நடப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூட. பஸ்ஸில் 40 பேர் இருந்தால், அவருக்காக நின்றதில் போனது 40 பேருக்கும் 18 செக்கன் வீதம், மொத்தம் 720. தராசு தெளிவாகச் சாய்கிறது. அதே இடத்தில் அவரோடு சேர்த்து ஐந்து பேர் இறங்கினால் 800, தராசு மறுபக்கம் சாயும். அப்படியான இடத்தில் தரிப்பிடம் இருக்கத்தான் வேண்டும்.

சுன்னாகமும் மல்லாகமும் தாண்டி, காங்கேசன்துறைக்கே போகிற பஸ்ஸில் தெல்லிப்பழைக்கு அப்பால் எட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள் என்றால், ஒருமுறை நிற்பதன் விலை 144 செக்கன். அந்த நேரம் யாராவது “அண்ணை, அந்தப் படலையடியில இறக்கம்” என்றால், நிறுத்துவதுதான் கணக்குக்கும் சரி.