முடிவில் ஆற்றலும் முற்றும் உணர்தலும்

‘எல்லாம் வல்ல இறைவன்’ என்பது கல்யாணப் பத்திரிகை வரை புழங்கும் தொடர். சமய மெய்யியலில் ‘ஆம்னிபொட்டன்ஸ்’ என்று வருமிடத்திலும் இதையே எழுதிவிடுகிறோம். லத்தீனில் ஆம்னிஸ் என்றால் எல்லாம், பொட்டன்ஸ் என்றால் வல்ல. ஆக, சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் விவிலியத்தின் கிரேக்க வடிவில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ‘பான்டோக்ரட்டோர்’, அதாவது எல்லாவற்றையும் தன் ஆளுகையில் வைத்திருப்பவர். எதையும் செய்ய முடிந்தவர் என்பது வேறு, எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவர் என்பது வேறு. மெய்யியலாளர் பீட்டர் கீச் 1973-இல் இந்த வேறுபாட்டை வைத்துத்தான், கிறித்தவ நம்பிக்கைக்கு இரண்டாவதே போதும், முதலாவதை எப்படி வரையறுத்தாலும் சிக்கல்தான் என்று வாதிட்டார்.

கல் புதிர் கடிப்பது அந்த முதலாவதை. தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா? முடியும் என்றால் தூக்க முடியாத கல் ஒன்று வந்துவிடும். முடியாது என்றால் படைக்க முடியாத கல் ஒன்று வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் ‘எல்லாம்’ என்பதில் ஒன்று குறைகிறது.

வேட் சாவேஜ் 1967-இல் சொன்ன விடை தமிழில் இன்னும் பளிச்சென்று தெரியும். “தன்னால் தூக்க முடியாத கல்லை அவரால் படைக்க முடியாது” என்பதில் இரண்டு ‘முடியாது’ இருப்பதால் ஏதோ பெரிய குறை போலக் கேட்கிறது. அதையே திருப்பிச் சொல்லுங்கள்: “அவர் எந்தக் கல்லைப் படைத்தாலும் தூக்கிவிடுவார்.” இதில் குறை எங்கே? நான் ஒரு கான்கிரீட் பாளத்தை வார்த்துவிட்டு அதைத் தூக்க முடியாமல் நிற்கலாம். அது என் கூடுதல் திறமை இல்லை, என் முதுகின் வரம்பு.

அப்படியானால் ‘தன் இயல்புக்கு உட்பட்டதை எல்லாம் செய்ய வல்லவர்’ என்று வரையறுத்தால் போதாதா? போதாது. தன் காதைச் சொறிய மட்டுமே முடிந்த ஒருவனை ஆல்வின் பிளாண்டிங்கா கற்பனை செய்தார். அது மட்டும்தான் அவன் இயல்பு என்றால் அவனும் எல்லாம் வல்லவன் ஆகிவிடுவான்! செயல்களைப் பட்டியல் போட்டு எண்ணும் வரை இந்தத் தொல்லை தீராது.

நம்மிடம் வேறொரு சொல் பழையதாகவே இருக்கிறது. குறளின் ‘எண்குணத்தான்’ என்பதற்குப் பரிமேலழகர் சைவாகமத்திலிருந்து தரும் எட்டுக் குணங்களில் ‘முடிவில் ஆற்றல் உடைமை’ ஒன்று, ‘முற்றும் உணர்தல்’ இன்னொன்று. முதலாவது ஆற்றலின் அளவைச் சொல்கிறது, செயல்களை எண்ணவில்லை. அதனால் கல் புதிருக்கு அதில் பிடி குறைவு. என் ஓட்டு அதற்குத்தான்.

அடுத்து அறிவு. ‘முன்னறிவு’ என்று எழுதியதுமே ‘முன்’ என்பது காலத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. அதற்கு முன் ஒரு எளிய தவறைக் களைந்துவிடலாம். நாளை நான் காபி குடிப்பேன் என்று கடவுளுக்குத் தெரியும், ஆகவே நான் குடித்தே தீருவேன். இந்தத் ‘தீருவேன்’ எதைச் சார்ந்தது? ‘அவர் அறிந்திருந்தால் நான் குடிப்பேன்’ என்ற முழு வாக்கியம் பொய்க்காது, சரி. அதனால் குடிப்பது மட்டும் தனியாகக் கட்டாயம் ஆகிவிடாது. முழு வாக்கியத்தின் உறுதியைக் கடைசி வினைக்கு ஏற்றுவது அளவைப் பிழை.

நெல்சன் பைக் 1965-இல் வைத்த வாதம் இந்தப் பிழையில் நிற்கவில்லை, அதனால்தான் அது கனமானது. எண்பது ஆண்டுக்கு முன்பே கடவுள் இதை நம்பியிருந்தார், அவர் நம்பிக்கை பொய்க்காது. நாளை நான் காபியைத் தவிர்க்க வல்லவன் என்றால், அவர் நம்பிக்கையைப் பொய்யாக்கவோ, அவர் அப்படி நம்பியதே இல்லை என்று ஆக்கவோ, அவரே அன்று இல்லை என்று ஆக்கவோ எனக்கு ஆற்றல் வேண்டும். நடந்து முடிந்ததை மாற்ற யாருக்கும் ஆற்றல் இல்லை. ஆகவே தவிர்ப்பது என் கையில் இல்லை.

இதற்கு விடை பழையது. ஆறாம் நூற்றாண்டில், சிறையில் எழுதிய நூலில், ரோமானிய மெய்யியலாளர் போயதியஸ் அந்த ‘முன்’னையே எடுத்துவிட்டார். கடவுளின் பார்வைக்கு ‘ப்ரேவிதென்சியா’ (முன்பார்வை) பொருந்தாது, தொலைவில் நின்று நோக்குதல் என்ற பொருளில் ‘ப்ராவிதென்சியா’ என்பதே தகும் என்கிறார். உச்சியில் நின்று எல்லாவற்றையும் ஒருசேர நோக்குவது போல என்று படமும் காட்டுகிறார். நான் குடிப்பதை நீங்கள் பார்ப்பதால் நான் குடிக்க நேர்வதில்லை. ‘முற்றும் உணர்தல்’ என்பதில் முன்னும் இல்லை பின்னும் இல்லை என்பதால் இந்தக் கருத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. ‘ஆம்னிசியன்ஸ்’ என்பதற்கு நான் அதையே எழுதுகிறேன். ‘முன்னறிவு’ என்பதைப் பைக்கின் வாதத்தைச் சொல்லும்போது மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் சொல்லை மாற்றியதால் புதிர் முழுதும் ஓயவில்லை. சேவல் கூவுமுன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய் என்று இயேசு பேதுருவிடம் சொன்ன அந்தக் கணத்தில், காலத்துக்கு வெளியே இருந்த அறிவு ஒரு இரவில் ஒருவர் காதில் விழுந்த பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு இப்போது நடந்து முடிந்தது, பொய்க்கவும் முடியாதது. பைக்குக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.