விசேஷ வீட்டிலிருந்து வந்ததும் ஒரு தாலாட்டு

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது எந்தப் பாட்டு கேட்டால் தேறலாம்?"

எனக்கும் இதே கதைதான். போன மாதம் மறுவீட்டில் சொதிச் சாப்பாடு முடிவதற்குள், "ஏ ஐயா, மெலிஞ்சுட்டியே" என்று மூன்று பெரியம்மைகள் கேட்டாயிற்று. பக்கத்தில் மேளம், தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கர். அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்பது மூளைக்குச் சரியான வேலை. அதனால் வந்ததும் வரிகளைக் கவனித்துக் கேட்கவேண்டிய பாட்டைப் போடுவதில்லை. முனகுவதற்கு ஏற்ற மெதுவான பாட்டுதான் போடுவேன். என் தேர்வு தாலாட்டு மெட்டு.

காரணம் சுவையானது. மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். இதயத்துக்குக் கடிவாளம் போடுவது வேகஸ் நரம்பு. இழுக்கும்போது அந்தப் பிடி தளரும், விடும்போது இறுகும். 'ஆராரோ' என்று முனகினால் வெளிமூச்சு தானாக நீளும். இழுக்க நான்கு விநாடி, முனக ஆறு விநாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலுக்கும் ஏறக்குறைய பத்து விநாடித் தாளம் உண்டு. தொட்டில் திரும்பிவரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே வீச்சு கூடுமே, அதுபோல இரண்டும் சேரும்போது நாடியின் ஏற்றயிறக்கம் பெரிதாகிறது. ஜெபமாலையையும் யோக மந்திரத்தையும் சொல்லவைத்து, இத்தாலிய ஆய்வாளர் லூச்சானோ பெர்னார்டியின் குழு 2001இல் கண்டதும் இதே ஆறு மூச்சுக் கணக்குதான்.

இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலை நான் நம்புவதில்லை. நீலாம்பரி என்றாலும் விரட்டிப் பாடினால் தூக்கம் வராது. நம் ஊர்த் தாலாட்டுகளை வைத்து இப்படி ஒரு சோதனை செய்ய யாராவது பணம் ஒதுக்கினால் தேவலை.

மறுவீட்டிலிருந்து வந்த அன்று 15 விநாடிக்கு 22 துடிப்பு எண்ணினேன், நிமிடத்துக்கு 88. பத்து நிமிடம் முனகிய பிறகு 72. சும்மா படுத்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள், விட்டுவிடுங்கள். இன்னொன்று, மேளச் சத்தத்துக்குப் பிறகு காது சற்று மந்தமாக இருக்கும். பாட்டு கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள், காதுக்கும் ஓய்வு வேண்டும்.

அப்புறம், பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் எதுவும் போடவேண்டாம். 2006இல் அதே குழு பாட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிட மௌனம் வைத்துப் பார்த்தது. நாடியும் இரத்த அழுத்தமும் மூச்சும் அந்த மௌனத்தில், பாட்டு தொடங்கும் முன் இருந்ததைவிடவும் தணிந்தன. போனில் அடுத்த பாட்டு தானாக ஓடும் வசதியை முதலிலேயே நிறுத்திவையுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். கண் சொக்கும் நேரத்தில் குத்துப்பாட்டு ஒன்று வந்து விழுந்தது, மறுபடி 15 விநாடிக்கு 22.