ஃபண்டிங் ரேட்: சமன்கட்டண வீதம்

கிரிப்டோவில் ‘பெர்பெச்சுவல்’ என்பது காலாவதியே இல்லாத ஒப்பந்தம். சாதாரண ஃபியூச்சர்ஸ் முடியும் நாளில் ரொக்க விலையோடு வந்து சேர்ந்துவிடும். இதற்கு அப்படி ஒரு நாளே கிடையாது. அதனால் விலை விலகாமல் இருக்க இடையிடையே ஒரு தொகை கைமாறுகிறது. ஒப்பந்த விலை ரொக்க விலையைத் தாண்டிப் போனால் விலை ஏறும் என்று லாங் வைத்திருப்பவர், இறங்கும் என்று ஷார்ட் வைத்திருப்பவருக்குக் கொடுப்பார். கீழே இறங்கினால் ஷார்ட் கொடுப்பார். இந்தத் தொகையின் விகிதம்தான் ஃபண்டிங் ரேட். 2016 மே மாதம் பிட்மெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை கொண்டுவந்த ஒப்பந்தத்தோடு இது பரவியது.

யோசனை நமக்கும் பழையதுதான். மும்பைப் பங்குச்சந்தையில் 2001 வரை இருந்த ‘பத்லா’ முறையில், கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போட வாங்கியவர் கட்டணம் கொடுத்தார். விற்றவர்கள் மிகுந்துவிட்டால் கட்டணம் திரும்பிப் பாய்ந்தது. ‘நிதி வீதம்’ என்று மொழிபெயர்ப்பது சரிவராது, இங்கே யாரும் யாருக்கும் நிதி தருவதில்லை. ‘வட்டி’ என்றால் அது திசை மாறாது. விலையைச் சமன்செய்யக் கைமாறுவதால் ‘சமன்கட்டணம்’ என்பேன். பேச்சில் ஃபண்டிங் என்றே இருக்கட்டும்.

பைனான்ஸ் தளத்தில் இது பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நம் நேரப்படி காலை 5.30, பகல் 1.30, இரவு 9.30 என்று விழும். ஏபிஐ-யில் இப்படி வரும்:

```
"lastFundingRate": "0.00010000"
```

இது பின்னம்; சதவீதத்தில் 0.01. பிட்காயினுக்கு வழக்கமான அளவு இதுதான். 0.1% ஆனால் என்ன ஆகும்? 1,000 டாலரை வைத்து 10 மடங்கில் 10,000 டாலருக்கு லாங் எடுத்தவர் ஒவ்வொரு முறையும் 10 டாலர், நாளுக்கு 30 டாலர் கட்டுவார். விலை அசையாமலே தினமும் போட்ட முதலீட்டில் 3% போய்விடும்!

ஃபண்டிங் வழக்கத்தை மீறினால் மணி அடிக்கும்படி எச்சரிக்கை வைக்கும்போது பலர் சறுக்குவது கால இடைவெளியில். சில நாணயங்களுக்கு 4 மணி நேரம், சிலவற்றுக்கு 1 மணி நேரம். 4 மணி நேரத்துக்கு 0.05% என்பது 8 மணி நேரத்துக்கு 0.1%. எல்லாவற்றையும் 8 மணி நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அந்த நாணயத்தின் கடந்த 90 நாள் வீதங்களோடு ஒப்பிடுங்கள். அவற்றில் மிக உயர்ந்த 1 சதவீதத்துக்குள்ளோ மிகத் தாழ்ந்த 1 சதவீதத்துக்குள்ளோ விழுந்தால் மணி அடிக்கட்டும். ஒரே ஒரு அளவீட்டை நம்பாமல் இரண்டு தவணை தொடர்ந்தால் அடிக்கும்படி வைத்தால் வீண் சத்தம் குறையும்.

அடித்த மணிக்கு அர்த்தம் வேறாகவும் இருக்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்ட ‘மெர்ஜ்’ மாற்றத்துக்கு முன் ஃபண்டிங் கடுமையாக எதிர்மறைக்குப் போனது. விலை விழும் என்று எல்லோரும் பந்தயம் கட்டவில்லை. பிளாக்செயின் இரண்டாகப் பிரிந்தால் ஈத்தர் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் புது நாணயத்துக்காகப் பலர் ஈத்தரை ரொக்கமாக வாங்கி, விலை அபாயத்தை மட்டும் ஷார்ட் எடுத்து அடைத்தார்கள். மெர்ஜ் முடிந்ததும் அந்த ஷார்ட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது, வீதமும் வழக்கத்துக்குத் திரும்பியது.