விரல் பட்டால் ஐந்து விநாடி

திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்த மாலையில், மகளின் தேர்வுக் கட்டணத்தைக் கட்ட லேப்டாப்பில் 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தினாராம். வட்டம் சுற்றியது, நின்றது, வங்கிப் பக்கம் திறக்கவில்லை. மறுநாள் தஞ்சாவூரில் தம்பி வீட்டு வைஃபையில் அதே லேப்டாப், அதே பொத்தான், உடனே திறந்துவிட்டது. ஊருக்கு ஊர் பிரவுசர் மாறுமா என்கிறார்.

மாறியது நேரம்தான். வங்கிப் பக்கத்தை நிறுத்தியது பிரவுசரின் பாப்-அப் தடுப்பான். தானாகத் திறக்கும் சன்னல்களைத் தடுப்பது அதன் வேலை. வரப்போகும் சன்னல் விளம்பரமா வங்கியா என்று பாப்-அப் தடுப்பான் பார்ப்பதில்லை. திறக்கச் சொன்னது மனித விரலா என்பதை மட்டும் பார்க்கிறது. நீங்கள் அழுத்திய நொடியில் பிரவுசர் அந்தப் பக்கத்துக்கு ஒரு குட்டி அனுமதி தருகிறது. க்ரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அது சுமார் 5 விநாடி நிற்கும். சஃபாரியில் இன்னும் குறைவு. முறைத் தண்ணீர் மாதிரிதான்: நம் முறை ஓடும்போதே மடையைத் திறந்துவிட வேண்டும். ஒரு அழுத்தலுக்கு ஒரு சன்னல். திறந்ததும் அனுமதி தீர்ந்துவிடும். இவ்வளவு எளிய விதி இத்தனை விளம்பரங்களை நிறுத்துகிறதே என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

சரி, அந்தக் கட்டணப் பக்கம் என்ன செய்தது? பொத்தானை அழுத்தியதும் முதலில் தன் சர்வரிடம் இந்தக் கட்டணத்துக்கான ஆர்டர் எண் கேட்டது. பதில் வந்த பிறகே சன்னலைத் திறக்கப் போனது. தஞ்சாவூரில் பதில் அரை விநாடியில் வந்திருக்கும். மழையில் திணறும் சிக்னலில் 8 விநாடி ஆனால் முறை முடிந்துபோகும். அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் வரிசையை மாற்றினாலே போதும்: வெற்றுச் சன்னலை உடனே திறந்து, முகவரியை அப்புறம் கொடுக்கலாம்.

```
const w = window.open("");
const url = await createOrder();
w.location = url;
```

வேகமான அலுவலக இணைப்பில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. கிராமத்துச் சிக்னலிலும் சோதிப்பது அவர்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

பணம் கட்டுகிறவர்கள் முகவரிப் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். தடுத்ததைச் சொல்லும் சிறு சின்னம் இருக்கும். அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தடுப்பானையே அணைத்துவிடாதீர்கள்.

அன்று மாலை வாசகரும் பிறகு அப்படி அனுமதித்து, வங்கிப் பக்கம் திறந்திருக்கிறது. ஆனால் ஓடிபி பக்கம் காலாவதியாகிவிட்டது. ஓடிபியின் கடிகாரம் ஓடுவது வங்கி சர்வரில். வங்கி எண்ணை அனுப்பியதுமே அது தொடங்கிவிடும். திரையில் இறங்கும் எண்ணிக்கையோ பக்கம் வந்து சேர்ந்த பிறகு தொடங்குகிறது. பக்கம் ஒரு நிமிடம் தாமதமாக வந்தால், திரையில் ஒரு நிமிடம் மிச்சம் காட்டும்போதே அங்கே நேரம் முடிந்திருக்கும். பொறுமையிழந்து மறுபடி அழுத்தியதால் அவருக்கு இரண்டு எஸ்எம்எஸ் வந்தன. முதலில் வந்ததைப் போட்டிருக்கிறார். புதியது கிளம்பியதும் பழையது பொதுவாகச் செல்லாது. கடைசியாக வந்த எண்ணைத்தான் போட வேண்டும்.