2,000 வெள்ளி கம்மியா கட்டுனா பில்லு எப்படி குளோஸ் ஆகும்?

சுங்கை சிப்புட்ல நான் கணக்கு எழுதிக் கொடுக்கிற கடைங்கள்ல ஒண்ணு மசாலா அரைக்கிற மில்லு. போன வருஷம் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு அரைக்கிற மெஷின் வரவழைச்சாங்க, கூடவே அந்தக் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து அஞ்சு நாள் தங்கி மாட்டிக் கொடுத்துட்டுப் போனாரு. பில்லு மொத்தம் 105,000 வெள்ளி: மெஷினுக்கு 85,000, மாட்டுற கூலி 20,000.

நல்ல வேளை பில்லுலயே ரெண்டையும் தனித்தனியா போட்டிருந்தாங்க, ஏன்னா சாமான் வாங்குற காசுக்கு வரி பிடிக்கத் தேவையில்ல. ஆனா வெளிநாட்டுக் கம்பெனி நமக்கு வித்த மெஷின இங்க வந்து மாட்டுறதுக்கு வாங்குற கூலிக்கு, வருமான வரிச் சட்டம் 109பி பிரிவுப்படி, நாமதான் 10 சதவீதம் பிடிச்சு வருமான வரி வாரியத்துக்குக் கட்டணும். இந்தியாவோட இருக்கிற ஒப்பந்தத்துலயும் இதே 10தான். (இங்க இருக்கிற ஏஜெண்ட்டுங்க கமிஷனுக்கு 2 சதவீதம்னு வேற ஒண்ணு இருக்கு, அதப் போட்டு இதுல குழப்பிக்காதீங்க.) ஆக 20,000ல 2,000 பிடிச்சு, கோயம்புத்தூருக்கு 103,000 அனுப்பணும்.

இதுவரைக்கும் மில்லு கிராணி தங்கச்சி சரியாத்தான் செஞ்சிச்சு. 103,000 அனுப்பிச்சு, CP37D பாரத்தோட 2,000த்தையும் ஒரு மாசத்துக்குள்ள வாரியத்துக்குக் கட்டிருச்சு, அது முக்கியம், ஏன்னா ஒரு மாசம் தாண்டிட்டா கட்டாத வரிக்கு மேல 10 சதவீதம் அபராதம். கோளாறு புத்தகத்துல எழுதுனதுலதான். பேங்க்ல போனது 103,000, அதனால பில்லுக்கு எதிரா 103,000 மட்டும் நாக் ஆஃப் பண்ணிச்சு, பில்லுல 2,000 பாக்கி நின்னுது. வாரியத்துக்குக் கட்டுனதை 'வரிச் செலவு'ன்னு தனியா போட்டுருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு முதலாளி சப்ளையர் பாக்கி லிஸ்ட்ட எடுத்துப் பார்த்து, கோயம்புத்தூருக்கு 2,000 பாக்கியா, என்னம்மா இதைக் கட்டாம வச்சிருக்கேன்னு கேக்க, அதையும் அனுப்பிட்டாங்க. 105,000 பில்லுக்கு 107,000 போயிருச்சு!

அந்த 2,000 மில்லோட செலவே கிடையாது, அதைத்தான் முதல்ல புரிஞ்சுக்கணும். அது சப்ளையரோட வரி, அவங்க காசுலேர்ந்து நாம எடுத்து அவங்களுக்காகக் கட்டுறோம், அவ்வளவுதான். அதனால அவங்க பில்லு 105,000மும் அடைஞ்சதாத்தான் எழுதணும், 103,000 பேங்க்லேர்ந்து, 2,000 பிடிச்ச வரியிலேர்ந்து. பில்லு வந்த அன்னைக்கு முழு 105,000த்தையும் சப்ளையர் பேர்ல ஏத்துங்க, 103,000ன்னு குறைச்சுப் போடாதீங்க, போட்டா மெஷின் அசல் விலையே புத்தகத்துல தப்பாயிரும். காசு அனுப்புற அன்னைக்கு சப்ளையர் கணக்குல 105,000 பற்று, பேங்க்ல 103,000 வரவு, 'கட்ட வேண்டிய பிடித்த வரி'ன்னு ஒரு பொறுப்புக் கணக்குத் தொறந்து அதுல 2,000 வரவு. வாரியத்துக்குக் கட்டுறப்போ அந்தக் கணக்குல 2,000 பற்று, பேங்க்ல 2,000 வரவு, பொறுப்பு சைபராயிரும்.

சாஃப்ட்வேர்ல பேமெண்ட் ஸ்கிரீன்ல பேங்க் தொகை மட்டும்தான் போட விடுதுன்னா, முதல்ல 103,000 பேமெண்ட் போட்டு அதே பில்லோட நாக் ஆஃப் பண்ணுங்க, அப்புறம் சப்ளையர் கிரெடிட் நோட் 2,000க்குப் போட்டு அதையும் அதே பில்லுக்கு நாக் ஆஃப் பண்ணுங்க. ஆனா கிரெடிட் நோட் போடுறப்போ தானா வந்து நிக்கிற கணக்கு பெரும்பாலும் கொள்முதல் கணக்காத்தான் இருக்கும், அதைப் பிடித்த வரிப் பொறுப்புக்கு மாத்தணும், மாத்தலன்னா சாமானை 2,000 தள்ளுபடில வாங்குன மாதிரி ஆயிரும், வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும் எங்கேயும் தெரியாது.

தப்பு நடந்திருக்கான்னு கண்டுபிடிக்க நான் பார்க்கிறது, பாக்கி லிஸ்ட்ல வெளிநாட்டு சப்ளையர் பேர்ல சேவைத் தொகைல சரியா பத்துல ஒரு பங்கு தொங்குதா, அதே தொகை வரிச் செலவுலயும் உட்கார்ந்திருக்கான்னு. ரெண்டும் இருந்தா இதே கதைதான்.

அப்புறம் வரி கட்டுன ரசீதோட காப்பிய அவங்களுக்கு அனுப்புங்க, ஏன் 2,000 குறைஞ்சதுன்னு அவங்க கிராணிக்கு அதை வச்சுத்தான் புரியும், ஊர்ல வரி போடுறப்போ கழிச்சுக்கவும் அது வேணும். நம்ம தங்கச்சி அனுப்பல, அதனாலதான் கூட வந்த 2,000த்த அவங்களும் ஒண்ணும் கேக்காம வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

திருத்துறப்போ வரிச் செலவுலேர்ந்து 2,000 எடுத்து சப்ளையர் கணக்குல பற்று வச்சேன், அவங்க நமக்குத் தர வேண்டியதா அது நின்னுச்சு. ரசீதை அனுப்பிப் பேசினோம், காசைத் திருப்பி அனுப்பல, அடுத்து வாங்குன அரைக்கிற பிளேடு பில்லுல கழிச்சுக் கொடுத்தாங்க. பிளேடு சாமான்தானே, அதுல பிடிக்க ஒண்ணுமில்ல.