தேர்வறை இருக்கைப் படத்தைப் பட்டியலாக்கும்போது: எண் சரி, இடம் தப்பு

தேர்வுக் காலத்தில் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு வரும் வேலைகளில் ஒன்று, அறை வாசலில் ஒட்டியிருக்கும் இருக்கை வரைபடத்தைப் போனில் படமெடுத்து அனுப்பி "இதை எக்ஸெல்ல போட்டுக் கொடுங்க" என்பது. மூலக் கோப்பு யாரிடமோ இருக்கும், அவர் விடுப்பில் இருப்பார், ஆகவே போட்டோதான் கதி. இந்த வேலையைப் பல அறைகளுக்குச் செய்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் எண்ணைத் தப்பாகப் படிப்பது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை, அது எப்படியும் கண்ணில் பட்டுவிடும். எண்ணெல்லாம் சரியாக இருந்து இடம் மட்டும் மாறிப்போவதுதான் தொல்லை, ஏனென்றால் பட்டியலைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் வந்து என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிற்கும்போதுதான் தெரியும்.

25 பேர் உட்காரும் அறையை எடுத்துக்கொள்வோம். குறுக்கே ஐந்து, முன்னிருந்து பின்னாக ஐந்து. குறுக்கே போவதை நிரை என்றும் முன்பின்னாகப் போவதை நிரல் என்றும் வைத்துக்கொள்கிறேன், கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியே. பல இடங்களில் எண் போடுவது பாம்பு வளைந்து போவதுபோல: முதல் நிரலில் முன்னிருந்து பின்னாக 1 முதல் 5, அடுத்த நிரலில் பின்னிருந்து முன்னாக 6 முதல் 10, மறுபடி முன்னிருந்து பின்னாக, இப்படியே 25 வரை. அப்படியானால் கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நிரையில் 1, 10, 11, 20, 21 வரும். கடைசி நிரையில் 5, 6, 15, 16, 25.

இதைப் படத்திலிருந்து தட்டச்சு செய்கிறவர், புத்தகம் படிக்கிற பழக்கத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிற பதிவெண்ணை இடமிருந்து வலமாக எடுத்து 1, 2, 3, 4, 5 என்று இருக்கை எண் கொடுத்துக்கொண்டே போவார். முதல் நிரையிலேயே நான்கு பேர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் பட்டியலில் முதலில் எழுதுவது நிரையும் நிரலும்தான், அதற்குப் பிறகே கட்டத்தில் அச்சடித்திருக்கும் இருக்கை எண், அப்புறம் பதிவெண். இடம் தனி, பெயர்ச்சீட்டு தனி என்று பிரித்து வைத்தால் பின்னால் எந்தக் குழப்பத்தையும் சரிசெய்துவிடலாம்.

படம் அச்சடித்த எழுத்தாக இருந்தால் டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் நன்றாகவே படிக்கும். ஆனால் சும்மா எழுத்தை மட்டும் எடுக்கச் சொன்னால் கட்டங்களின் அமைப்பு போய்விடும். எந்த எண் படத்தில் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துத் தரச் சொல்ல வேண்டும்:

```
tesseract arai.jpg arai --psm 11 tsv
```

இது `arai.tsv` என்ற கோப்பைத் தரும். எக்ஸெலில் திறந்தால் `left`, `top`, `width`, `height` என்று நான்கு தலைப்புகள் G முதல் J வரை இருக்கும், படித்த எண் L-இல் இருக்கும். கணக்குக்கு முன் ஒரு வேலை உண்டு: வாசலில் உயரத்தில் ஒட்டிய தாளைக் கீழேயிருந்து எடுத்த படத்தில் மேல் கட்டங்கள் குறுகித் தெரியும். ஸ்கேன் செயலியில் நான்கு மூலைகளையும் கட்டத்தின் வெளிக்கோட்டிலேயே வைத்து நேராக்கி வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய படம் 1500 புள்ளி அகலம், 1000 புள்ளி உயரம் என்றால் ஒரு கட்டம் 300க்கு 200.

```
நிரல்: =INT((G2+I2/2)/300)+1
நிரை: =INT((H2+J2/2)/200)+1
```

ஓர் இருக்கை எண்ணின் நடுப்புள்ளி இடமிருந்து 1340, மேலிருந்து 730 என்று வந்தால் அது ஐந்தாம் நிரல், நான்காம் நிரை. அங்கே இருக்க வேண்டியது 24. டெஸராக்ட் 24 என்றே படித்திருந்தால் சரி. கட்டக் கோட்டை 1 என்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கும், ஒரே கட்டத்தில் இரண்டு இருக்கை எண் விழுந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். கையால் எழுதிய வரைபடத்தை இதில் போடவே வேண்டாம், ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் தட்டச்சு செய்வதே பத்திரம்.

பாம்பு வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே நிரையில் முதல் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 11தான் வரும்: 1+10, 2+9, 3+8. இரண்டாவதும் மூன்றாவதும் 21, அடுத்தது 31, அதற்கடுத்தது 41. கடைசி நிரையில் 5க்குப் பக்கத்தில் இருக்கும் 6ஐ 8 என்று படித்திருந்தால் 13 வந்து காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கூட்டலில் சிக்காத தப்பு ஒன்று உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை. வரைபடத்தில் கரும்பலகை மேலே இருந்தால் அது மாணவர் பார்வை, கீழே இருந்தால் ஆசிரியர் பார்வை. அறைக் கண்காணிப்பாளருக்கு அவர் நிற்கும் பக்கத்திலிருந்து வேண்டும் என்று கேட்பார்கள். உடனே நம் ஆட்கள் எக்ஸெலில் ஐந்து நிரைகளையும் தலைகீழாக அடுக்கி, கரும்பலகையைக் கீழே கொண்டுவந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. தாளையே பாதிச் சுற்று திருப்பினால் மேல்கீழும் மாறும், இடவலமும் மாறும். நிரையை மட்டும் திருப்பினால் கிடைப்பது கண்ணாடியில் தெரியும் அறை, 1ஆம் எண் இருக்கைக்காரர் அறையின் எதிர்ப்பக்கச் சுவரோரம் போய் நிற்பார். நடு நிரலில் இருப்பவர்கள் மட்டும் தப்பிப்பார்கள், அதனால் நடுவில் ஒருவரைச் சரிபார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கதவு போதும். மாணவர் பார்வையில் கதவு முன்பக்கம் வலதுகையில் இருந்தால், ஒழுங்காகத் திருப்பிய படத்தில் அது கீழே இடதுபக்கம் வர வேண்டும். கீழே வலதுபக்கமே இருந்தால் படம் கண்ணாடி ஆகிவிட்டது. வரைபடத்தில் கதவே போடாத கல்லூரிகள் உண்டு, தயவுசெய்து போடுங்கள், ஒரு சின்னக் கோடு போதும். போடாத படம் வந்தால் நான் அந்தத் துறைக்குப் போன் செய்து, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் கதவு எந்தக் கைப்பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

வெற்றுக் கட்டங்களையும் வெறுமனே விடாதீர்கள். ஆள் இல்லாத இருக்கைக்கு 'காலி', தூணோ நடைபாதையோ இருக்கும் இடத்துக்கு 'இருக்கை இல்லை', வெளிச்சம் பட்டு மறைந்ததற்கு 'படிக்க முடியவில்லை' என்று குறிப்பில் எழுதுங்கள். இந்த மூன்றும் ஒரே வெற்றிடமாகக் கிடந்தால், அவசரத்தில் கூடுதலாக ஒருவரை உட்கார வைக்கப் பார்ப்பவர் தூண் இருக்கும் இடத்துக்கு எண் கொடுத்துவிடுவார். மங்கிய எண்ணைப் பக்கத்து எண்ணை வைத்து ஊகித்து நிரப்புவதையும் நான் ஏற்பதில்லை, பதிவெண்கள் தொடர்ச்சியாக வந்தாலும் நடுவில் படிப்பை விட்டவர் எண் விடுபட்டிருக்கும்.

பட்டியல் முடிந்ததும் அச்சிட்டு அறைக்குள் கொண்டுபோய் நான்கு மூலை இருக்கைகளை மட்டும் ஒப்பிடுங்கள். 1, 5, 21, 25 ஆகிய நான்கும் அதனதன் இடத்தில் இருந்தால் திருப்பமும் இல்லை, கண்ணாடிக் கோளாறும் இல்லை. கோப்பின் பெயரில் அறை எண், தேதி, முற்பகலா பிற்பகலா என்பதையும் சேர்த்துவிடுங்கள், மதியத் தேர்வுக்கு அதே அறையில் வேறு வரைபடம் ஒட்டுவார்கள்.